கம்ப்யூட்டரா, கன்சோலா: கேமிங் எத்தனை யூனிட் கரன்ட் இழுக்குது?

[காட்சி: பக்கவாட்டு மூடி கழற்றிய மேசைக் கணினி. கேமரா மெதுவாக பவர் சப்ளையின் ஸ்டிக்கரை நெருங்குகிறது. அதில் 750W என்று இருக்கிறது.]

இந்த ஸ்டிக்கர்ல 750 வாட்னு போட்டிருக்கு. நிறைய பேர் இந்த எண்ணை எடுத்து, விளையாடுற நேரத்தால பெருக்கி, "அடேயப்பா, இவ்வளவு கரன்டா!"ன்னு பயந்துடுறாங்க. அந்தக் கணக்கு தப்பு. 750ங்கிறது இந்த பவர் சப்ளை அதிகபட்சமா எவ்வளவு கொடுக்க முடியும்ங்கிற அளவுதான். உள்ளே இருக்கிற கார்டும் ப்ராசஸரும் கேக்குற அளவுக்குத்தான் அது சுவர்ல இருந்து இழுக்கும். இதே கணினி பெரிய கேம் ஓடும்போது கிட்டத்தட்ட 360 வாட்தான் எடுக்குது. சும்மா டெஸ்க்டாப் திரையில நிக்கும்போது 75.

அந்த 360 எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம். கிராபிக்ஸ் கார்டு 200 வாட், ப்ராசஸர் 70, மதர்போர்டு, ரேம், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து 50. ஆக 320. ஆனா சுவர்ல இருந்து வர்ற மின்சாரத்தை மாத்திக் கொடுக்கும்போது பவர் சப்ளை கொஞ்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும். நல்ல தரமான 80 பிளஸ் கோல்டு வகையில பத்துல ஒரு பங்கு அளவுக்கு அப்படிப் போகும். அதனால உள்ளே 320 வேணும்னா, வெளியில இருந்து 360 இழுக்க வேண்டியிருக்கு. நமக்குப் பில் வர்றது இந்த வெளி எண்ணுக்குத்தான்.

[காட்சி: சுவர் பிளக்கில் மாட்டிய வாட் மீட்டர். அதில் எக்ஸ்டென்ஷன் போர்டு, அதில் கணினியும் மானிட்டரும்.]

இதை ஊகிக்கவே வேண்டாம், அளந்துடலாம். பிளக்குல மாட்டுற வாட் மீட்டர் ஒண்ணு போதும். யூனிட் அளவு காட்டுற ஸ்மார்ட் பிளக் இருந்தாலும் சரி. கணினியையும் மானிட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகி, அந்த போர்டோட பிளக்கை மீட்டர்ல மாட்டுங்க. வாட் எண்ணை உத்துப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க, அது நொடிக்கு நொடி குதிக்கும். யூனிட் கணக்கை பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துட்டு, நீங்க வழக்கமா ஆடுற கேமை அரை மணி நேரம் ஆடிட்டு வந்து பாருங்க. இங்க 0.195 காட்டுது. ஒரு மணி நேரத்துக்கு 0.39 யூனிட், அதாவது சராசரி 390 வாட். கணினி 360, மானிட்டர் 30.

[காட்சி: வீட்டு மின் மீட்டரில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கு, நெருக்கத்தில். பக்கத்தில் 3200 imp/kWh என்ற எழுத்து.]

மீட்டர் வாங்கலைன்னாலும் வழி இருக்கு. எலக்ட்ரானிக் வகை வீட்டு மீட்டர்ல இந்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரியும். பக்கத்துல `3200 imp/kWh`னு எழுதியிருக்கு பாருங்க. 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட்னு அர்த்தம். உங்க மீட்டர்ல 1600ஓ 1000ஓ இருக்கலாம்.

கேம் போடாம, கணினியும் மானிட்டரும் முழுசா அணைஞ்சிருக்கும்போது ஒரு நிமிஷம் எண்ணுங்க. இங்க 8 வந்துச்சு. அப்புறம் கேமை ஓட விட்டுட்டு வந்து மறுபடி ஒரு நிமிஷம். இப்போ 29. வித்தியாசம் 21. அதை இந்தக் கணக்குல போடுங்க:

```
வாட் = 3600000 × 21 ÷ (3200 × 60) = 394
```

வாட் மீட்டர் சொன்ன 390க்கு எவ்வளவு பக்கத்துல வந்துடுச்சு பாருங்க. இதுல ஒரே ஒரு இடத்துல ஏமாறலாம். ரெண்டு எண்ணிக்கைக்கும் நடுவுல ஃபிரிட்ஜோட கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சாலோ நின்னாலோ கணக்கு மொத்தமா மாறிடும். அதனால ரெண்டையும் இன்னொரு தடவை எண்ணி, அதே எண் வருதான்னு பாருங்க. வேற எண் வந்தா, வீட்டுல ஏதோ ஒண்ணு நடுவுல மாறியிருக்கு.

[காட்சி: இடப்பக்கம் கணினி, வலப்பக்கம் டிவியோடு கன்சோல். எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

இப்போ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். தினமும் மூணு மணி நேர ஆட்டம், மாசத்துக்கு 90 மணி நேரம்னு வச்சுக்கங்க.

கணினி 390 வாட். 90 மணி நேரத்துக்கு 35.1 யூனிட்.

கன்சோலுக்கு பிளேஸ்டேஷன் 5 எடுத்துக்கலாம். அதுக்காகவே செஞ்ச பெரிய கேம்ல சுமார் 200 வாட். இங்கதான் பல பேர் கணக்கை முடிச்சுடுறாங்க. ஆனா கன்சோல் டிவி இல்லாம ஓடாதே. பெரிய எல்இடி டிவி ஒண்ணு சுமார் 100 வாட் எடுக்கும், பிரகாசத்தைக் கூட்டினா இன்னும் ஏறும். ஆக 300 வாட். மாசத்துக்கு 27 யூனிட்.

டிவியை விட்டுட்டா 360க்கு 200ன்னு கன்சோல் ரொம்பவே சிக்கனமாத் தெரியும். திரையைச் சேர்த்தா வித்தியாசம் மாசத்துக்கு எட்டு யூனிட்தான். எல்லா கன்சோலும் ஒண்ணு இல்லைங்கிறதையும் சொல்லிடுறேன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 70, 80 வாட்ல முடிச்சுடும். நின்டெண்டோ ஸ்விட்ச் டிவியில மாட்டினாலும் 10 வாட் பக்கம்தான். அங்கெல்லாம் கன்சோலை விட டிவிதான் அதிகம் இழுக்கும்.

யூனிட்டைப் பணமா மாத்தும்போது ஒரு விஷயம் கவனிங்க. மொத்த பில் தொகையை மொத்த யூனிட்டால வகுத்து விலை கண்டுபிடிக்காதீங்க. அதுல நிலைக் கட்டணமும் கலந்திருக்கும், அது கேம் ஆடினாலும் ஆடாட்டியும் வரும். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடுற படிநிலைக் கட்டணம்னா, பில்லுல நீங்க தொட்ட கடைசிப் படியோட விலையால பெருக்குங்க. நீங்க மிச்சப்படுத்துற யூனிட் அந்த மேல் படியில இருந்துதான் முதல்ல குறையும்.

[காட்சி: கேம் திரை. மூலையில் 140 FPS. பக்கத்தில் வாட் மீட்டர் 390.]

சரி, குறைக்கிறது எப்படி? கணினியில எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்ச வழி ஃபிரேமுக்கு, அதாவது கார்டு நொடிக்கு வரையுற படங்களோட எண்ணிக்கைக்கு, வரம்பு போடுறது. காசே செலவில்லை, ரெண்டு நிமிஷ வேலை.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போதும்ங்கிறது தெரியாது. வரம்பு இல்லைன்னா, முடிஞ்ச அளவுக்கு ஃபிரேம் போட்டுத் தள்ளிக்கிட்டே இருக்கும். இந்தக் கேம்ல நொடிக்கு 140. கதை நிதானமா நகர்ற, ஒரே ஆள் ஆடுற கேம் இது. 60 எனக்குத் தாராளம். என்விடியா கார்டுன்னா கன்ட்ரோல் பேனல்ல `Max Frame Rate`னு இருக்கும், 60 போடுங்க. பல கேம்களோட அமைப்புலயே இந்த வசதி உண்டு.

[காட்சி: FPS 60 ஆகிறது. வாட் மீட்டர் எண் இறங்கி 290 அருகே நிற்கிறது.]

கார்டு 200ல இருந்து 110க்கு வந்துடுச்சு. பவர் சப்ளை வீணடிச்சதும் அதோட சேர்ந்து குறைஞ்சதால சுவர்ல சரியா 100 வாட் மிச்சம். 90 மணி நேரத்துக்கு 9 யூனிட். 35.1ல இருந்த கணினி 26.1க்கு வந்து, கன்சோலுக்கே கொஞ்சம் கீழே போயிடுச்சு. ஃபேன் சத்தம் அடங்குறதையும் கேக்கலாம்.

வேகமான சுடுற கேம் ஆடுறவங்களுக்கு 60 பத்தாது, அது நியாயம்தான். அவங்க 90, 100னு வச்சுப் பார்க்கலாம். மிச்சம் கம்மியா வரும். இன்னொண்ணு, உங்க கார்டு ஏற்கெனவே 55 ஃபிரேம்தான் கொடுக்குதுன்னா 60ங்கிற வரம்பால ஒரு பயனும் இல்லை. கண்டுபிடிக்கிறது சுலபம். வரம்பு போட்ட பிறகும் கார்டோட பயன்பாடு 99 சதவீதத்துலயே நின்னா, வரம்பு அதைத் தொடவே இல்லை.

மெனு திரையையும் கவனிங்க. அசையாத ஒரு படத்தை நொடிக்கு நூத்துக்கணக்குல வரைஞ்சு கார்டு கொதிக்கும். 2010ல வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 கேம்ல இதே பிரச்சினைதான் பெரிசாப் பேசப்பட்டுச்சு. ஃபிரேம் வரம்பு இதையும் சேர்த்துத் தீர்த்துடும்.

ஃபிரேமைக் குறைக்க மனசில்லாதவங்க, கார்டோட பவர் வரம்பைக் குறைக்கலாம். என்விடியா கார்டுல, அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்த கமாண்ட் விண்டோவுல:

```
nvidia-smi -q -d POWER
nvidia-smi -pl 150
```

முதல் வரி உங்க கார்டு எந்த எண்ணுக்குள்ள இறங்க விடும்னு காட்டும். ரெண்டாவது அதை 150 வாட்டுக்குக் கட்டிப் போடும். கடைசிச் சொட்டு வேகத்துக்காகத்தான் கார்டு மின்னழுத்தத்தை ஏத்தி, கரன்டை அள்ளிக் குடிக்கும். அதனால கால்வாசி வாட்டைக் குறைச்சாலும் வேகம் கால்வாசி போயிடாது, பெரும்பாலும் அதை விட ரொம்பக் குறைவாத்தான் போகும். கணினியை மறுபடி துவக்கினா பழைய எண்ணுக்கே திரும்பிடும், அதனால பயமில்லாம முயற்சி பண்ணலாம். பல லேப்டாப்ல இது வேலை செய்யாது.

[காட்சி: இரவு, இருட்டு அறை. மானிட்டர் அணைந்திருக்கிறது. கணினியின் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது.]

இப்போ ஆடாத நேரத்துக்கு வருவோம். ஏன்னா கணினிக்கும் கன்சோலுக்கும் நிஜமான வித்தியாசம் இங்கதான். மானிட்டர் மட்டும் அணைஞ்சு, கணினி தினமும் ஐஞ்சு மணி நேரம் சும்மா ஓடினா, 75 வாட் கணக்குல மாசத்துக்கு 11 யூனிட் போயிடும். ஃபிரேம் வரம்புல மிச்சம் பண்ணது மொத்தமும் இதுல போச்சு.

பதினஞ்சு நிமிஷத்துல தூங்கணும்னு விண்டோஸ்ல வச்சிருப்பீங்க, ஆனாலும் தூங்காது. காரணத்தை அதுகிட்டயே கேக்கலாம், இதுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்த விண்டோ வேணும்:

```
powercfg /requests
```

பின்னணியில விட்ட கேமோ, வீடியோ ஓடுற பிரவுசர் டேபோ, எது தடுக்குதோ அதோட பேர் வரும். மூடிட்டுப் பாருங்க, தூங்கிடும்.

கன்சோல்ல இந்தத் தொல்லை குறைவு, ஆனா ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, கேமை நிறுத்தி வச்சுட்டு சாப்பிடப் போறது. கேம் நின்னிருந்தாலும் திரையில படம் வரைஞ்சுக்கிட்டேதான் இருக்கு, வாட் பெரிசா இறங்காது. தானா ரெஸ்ட் மோடுக்குப் போற நேரத்தைக் குறைச்சு வையுங்க. இன்னொண்ணு காத்திருப்பு நிலை. எக்ஸ்பாக்ஸ்ல `Sleep`க்குப் பதிலா `Shutdown (energy saving)` வச்சா, அணைஞ்சிருக்கும்போது எடுக்கிறது 20 மடங்கு வரைக்கும் குறையும்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. தினமும் 21 மணி நேரம் அது அணைஞ்சுதானே இருக்கு. 10 வாட் எடுத்தா மாசத்துக்கு 6.3 யூனிட், அரை வாட் எடுத்தா 0.3 தான். விலையா நீங்க கொடுக்கிறது, ஆன் ஆக கொஞ்ச நேரம் கூட ஆகுறது மட்டும்.

ஏசி அறையில ஆடுறவங்களுக்குக் கடைசியா ஒரு எண். கணினி இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் அறைக்குள்ள சூடாத்தான் முடியுது. அந்தச் சூட்டை வெளியே தள்ள, ஏசி சுமார் மூணுல ஒரு பங்கு கரன்டைக் கூடுதலா எடுக்கும். அதனால ஏசி ஓடுற அறையில ஃபிரேம் வரம்பால மிச்சமான 100 வாட், மீட்டர்ல 130க்கு மேலயே தெரியும்.

[காட்சி: சிவப்பு விளக்கு முன்பைவிட மெதுவாகச் சிமிட்டுகிறது.]