வியாழக்கிழமை 11 மணிக்கு வர்றேன் சார்

வணக்கம். நான் ஃபீல்டு சேல்ஸ்ல இருக்கிறவன், டீலர் டீலரா சுத்துறதுதான் வேலை. பேச வரச் சொன்னப்போ எதைப் பத்திப் பேசலாம்னு யோசிச்சேன், அப்புறம் மாசாமாசம் டீலருக்கு நாம அனுப்புற அந்த ஒரு மெசேஜ் இருக்கே, "நாளைக்கு வர்றேன் சார்"னு, அதைப் பத்தியே பேசிடலாம்னு தோணுச்சு. ஏன்னா விசிட் நல்லாப் போறதும் வீணாப் போறதும் பாதி அந்த மெசேஜ்லயே முடிவாயிடுது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் அப்படித்தான் அனுப்புவேன், "நாளைக்கு வர்றேன் சார்", அவரும் "வாங்க வாங்க"ம்பார். போய் உக்காந்தா ஸ்டாக் கேக்கணும்னா கோடவுன் சாவி வச்சிருக்கிற பையன் டெலிவரிக்குப் போயிருப்பான், பேமென்ட் கேக்கணும்னா கணக்கு பாக்கிறவர் லீவு, ஓனர் மட்டும் இருப்பார், அவருக்கு ரெண்டும் தெரியாது. பேசிட்டு ஒரு சின்ன ஆர்டரை வாங்கிட்டு வந்துடுவேன், ஆபீஸ்ல "விசிட் முடிஞ்சது"ன்னு எழுதிடுவேன். அது விசிட்டே இல்லைங்க, சும்மா எட்டிப் பாத்துட்டு வந்தது.

இப்போ ரெண்டு வேலை நாள் முன்னாடி அனுப்புறேன். எப்படி இருக்கும்னு அப்படியே வாசிக்கிறேன்: "வணக்கம் சார். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வர்றேன், ஒன்றரை மணி நேரம் ஆகும். முதல்ல கோடவுன்ல ஸ்டாக் எண்ணிப் பாத்துடலாம், அப்புறம் பாக்கி பில், கடைசியா அடுத்த மாச ஆர்டர். இன்னைக்கு தேதி வரைக்கும் பில் வாரியா பாக்கி எவ்வளவுங்கிற ஸ்டேட்மென்ட்டை இதோட அனுப்பியிருக்கேன், உங்க கணக்கோட ஒத்துப் போகுதான்னு பாக்கச் சொல்லுங்க. கணக்கு பாக்கிறவரும் கோடவுன் பையனும் அந்த நேரத்துல இருந்தா நல்லா இருக்கும். ஸ்டாக் ஷீட்டை புதன் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுறீங்களா, இல்ல நானே வந்து எண்ணிக்கட்டுமா?"

அந்தக் கடைசிக் கேள்வி சும்மா போட்டது இல்ல. கேள்வி இல்லாத மெசேஜுக்கு "ஓகே"ன்னு ஒரு பதில் வரும், இல்லன்னா கட்டைவிரல் படம் வரும், படிச்சாரா இல்லையான்னே தெரியாது. இதுவா அதுவான்னு கேட்டா அவர் கணக்கு ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாத்தான் பதில் சொல்ல முடியும், அப்போதான் அவர் படிச்சிருக்கார்னு அர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் வேற பண்ணிடுவேன், அதுல பேமென்ட் பேச்சே எடுக்க மாட்டேன், நேரம் மாறலையேன்னு மட்டும் கேப்பேன்.

ஸ்டேட்மென்ட்டை ஏன் முன்னாடியே அனுப்பணும்னா, மொத்த பாக்கி இவ்வளவுன்னு ஒரே நம்பரா நேர்ல சொன்னா டீலருக்கு முதல்ல கோபம்தான் வரும். "நான் போன மாசம்தானே கட்டினேன்"ம்பார், சொல்றது உண்மையாவும் இருக்கும், ஆனா அவர் ரவுண்டா ஒரு தொகை கட்டியிருப்பார், ஆபீஸ்ல அதை பழைய பில்லுல வரவு வச்சிருப்பாங்க, அவர் புது பில்லுக்குக் கட்டினதா நினைச்சுட்டிருப்பார். பில் நம்பர், தேதி, தொகை, எத்தனை நாள் ஆச்சு, இந்த நாலும் ரெண்டு நாள் முன்னாடியே அவர் கையில இருந்தா அந்தச் சண்டை அவங்க ஆபீசுக்குள்ளயே முடிஞ்சிடும். நாம போகும்போது எங்க ஒத்துப் போகலையோ அது மட்டும் மிச்சமிருக்கும்.

ஒரு விசிட்டைச் சொல்றேன், நம்பரை எல்லாம் எளிமையாக்கிச் சொல்றேன். டீலருக்கு 30 நாள் கிரெடிட். எங்க கணக்குல 30 நாள் தாண்டினது ரெண்டு பில், ஒண்ணு 40,000, 52 நாள் ஆச்சு, இன்னொண்ணு 30,000, 41 நாள். ஆக 70,000. ஸ்டேட்மென்ட் அனுப்பின மறுநாளே அவங்க கணக்கு பாக்கிறவர் போன் பண்ணி, "எங்க புக்குல 58,000தான் சார் வருது"ன்னார். வித்தியாசம் 12,000. அந்த ஒரு போன்தான் எனக்கு அந்த மாசம் பெரிய லாபம், ஏன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு நாள் டைம் கிடைச்சுது. ஆபீஸ்ல கேட்டுப் பாத்தா, உடைஞ்ச சரக்கைத் திருப்பி அனுப்பினதுல 8,000, சரக்கு வந்து சேர்ந்துடுச்சு ஆனா கிரெடிட் நோட் போடல. மிச்சம் 4,000 ஸ்கீம் தொகை, டீலர் கிளெய்ம் அனுப்பிட்டார், அப்ரூவல் பெண்டிங். ரெண்டும் எங்க பக்கம்தான் நிக்குது. இது தெரியாம நேர்ல போய் 70,000 கேட்டிருந்தா, அந்த 12,000 வர்ற வரைக்கும் மொத்தத்தையும் நிறுத்தி வைக்கிறேன்னு சொல்லியிருப்பார், நான் அவர் இடத்துல இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

சரி, வியாழக்கிழமை. முதல்ல கோடவுன். ஆர்டரை முதல்ல பேசினா "ஆர்டர் தர்றேன், பாக்கியைக் கொஞ்சம் பொறுங்க"ன்னு பேரம் ஆயிடும், பேமென்ட்டை முதல்ல பேசினா கம்ப்ளெயின்ட் லிஸ்ட் வரும். சரக்குக்குப் பக்கத்துல நின்னு பேசினா பேச்சு சரக்கைப் பத்தியே இருக்கும், அதனாலதான் அந்த வரிசை.

கம்ப்யூட்டர்ல வேகமா ஓடுற அயிட்டம் 50 பெட்டின்னு காட்டுச்சு, கையால எண்ணினா 43. ஏழு பெட்டி எங்கன்னு பையன்கிட்ட கேட்டா, அஞ்சு பெட்டி டெலிவரி சிலிப்போட போயிடுச்சு, பில் இன்னும் ஏத்தல, ரெண்டு பெட்டி கிழிஞ்சு பின்னாடி மூலையில கிடக்குது. சின்ன விஷயம்தான், ஆனா ஷீட்டை மட்டும் நம்பியிருந்தா அஞ்சு பெட்டி வித்ததே கணக்குல வந்திருக்காது. எண்ணும்போது அடுக்கோட முன்பக்கத்தை மட்டும் எண்ணிப் பெருக்காதீங்க, நடுவுல எடுத்துட்டு வெளி வரிசையை அப்படியே விட்டிருப்பாங்க, வேணும்னு பண்றது இல்ல, எடுக்க வசதியான இடத்துல எடுத்திருப்பாங்க. மேல ஏறிப் பாக்கணும், ரெண்டு மூணு பெட்டியைத் தூக்கிப் பாக்கணும், காலிப் பெட்டி கனத்துலயே தெரிஞ்சிடும். அப்படியே பேட்ச் தேதியும் பாக்கணும், புதுசு முன்னாடியும் பழசு பின்னாடியும் இருந்துச்சுன்னா பழசு அங்கேயே கிடந்து வீணாகப் போகுதுன்னு அர்த்தம்.

அடுத்தது மெதுவா ஓடுற அயிட்டம். இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்கு. மாச ஆரம்பத்துல இருந்தது, அதோட மாசத்துல வாங்கினது, அதுல இப்போ கையில இருக்கிறதைக் கழிச்சா வித்தது வந்துடும். இந்த அயிட்டத்துல ஆரம்பத்துல 80 பெட்டி, வாங்கினது ஒண்ணும் இல்ல, இப்போ 68. மாசத்துக்கு 12 பெட்டிதான் வித்திருக்கு. இதே வேகத்துல போனா 68 பெட்டி தீர அஞ்சரை மாசத்துக்கு மேல ஆகும், நான் கொடுத்த கிரெடிட்டோ 30 நாள்.

பெட்டி மேல தூசி, பட்டி கூடப் பிரிக்கல. பெட்டியில இருந்த பேட்ச் நம்பரையும் பில்லையும் வச்சுப் பாத்தா அந்த 52 நாள் பில் இருக்கே, 40,000, அது முழுக்க இந்த அயிட்டம்தான், 80 பெட்டி. யார் கொடுத்தா? நான்தான். மாசக் கடைசி, டார்கெட்டுக்குக் கொஞ்சம் கொறைஞ்சுது, "சார் எடுத்துக்கங்க, ஓடிடும்"னு சொல்லி இறக்கிவிட்டேன். அவர் முகத்தை நான் பாக்கல, அவரும் ஒண்ணும் சொல்லல, பையன்தான் "இது சார் கொடுத்துட்டுப் போனதுதானே"ன்னு கேட்டான். விக்காத சரக்குக்கு அவர் எங்கேருந்து பணம் கொடுப்பார், நான் ரெண்டு வாரமா போன் பண்ணி அந்த பில்லைத்தான் கேட்டுட்டிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் உள்ள போய் உக்காந்தோம். அந்த அயிட்டம் வேற ஒரு டீலர்கிட்ட நல்லா ஓடிட்டிருந்துச்சு, அங்க சரக்கு பத்தல. 40 பெட்டியை அங்க மாத்தலாமான்னு மேனேஜர்கிட்ட அவர் முன்னாடியே போன் போட்டுக் கேட்டேன். பிரிக்காத பெட்டியா இருக்கணும், பேட்ச் பழசா இருக்கக் கூடாதுன்னு சொல்லி ஓகே பண்ணார். மேனேஜர் சொல்றதுக்கு முன்னாடி நானா வாக்கு கொடுத்திருந்தா, அப்ரூவல் வரலைன்னா அதுக்கப்புறம் டீலர் என் பேச்சையே எடுத்துக்க மாட்டார், ஸ்கீம் தொகையிலயும் இதேதான், "வந்துடும் சார்"னு நான் சொல்றதே இல்ல, அப்ரூவல் எந்த டேபிள்ல நிக்குதுங்கிறதை மட்டும் சொல்லுவேன்.

40 பெட்டின்னா அந்த பில்லுல பாதி, 20,000. அவர் ஒத்துக்கிட்ட 58,000ல அதைக் கழிச்சா 38,000. அதுல 20,000 அன்னைக்கே பேங்க்ல போட்டார், 18,000க்கு தேதி கேட்டேன், "அடுத்த வாரம்"னார், அடுத்த வாரம்ங்கிறது தேதி இல்ல சார்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன், கணக்கு பாக்கிறவர் அவங்களுக்கு வர வேண்டிய வசூலைப் பாத்துட்டு செவ்வாய்க்கிழமைன்னு சொன்னார். எந்த பில்லுக்கு எவ்வளவுன்னு பில் நம்பரோட எழுதி வாங்கிட்டேன், இல்லன்னா மறுபடியும் ரவுண்டா ஒரு தொகை வரும், மறுபடியும் அதே குழப்பம்.

ஆர்டர் பேசுறது பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. வேகமா ஓடுறது மாசத்துக்கு 100 பெட்டிக்கு மேல போகுது, கையில 43, பாதி மாசம்கூட வராது, அதுக்கு மட்டும் ஆர்டர். மெதுவா ஓடுறது ஒண்ணும் வேணாம்னு நானே சொன்னேன், அவர் கொஞ்சம் ஆச்சரியமாப் பாத்தார்.

அன்னைக்குச் சாயங்காலமே, பஸ்ல வரும்போதே, எண்ணின ஸ்டாக், ஒத்துக்கிட்ட பாக்கி, செவ்வாய்க்கிழமை 18,000, நான் முடிக்க வேண்டிய கிரெடிட் நோட், ஸ்கீம் கிளெய்ம், 40 பெட்டி எடுக்கிற தேதி, எல்லாத்தையும் எழுதி அவருக்கும் கணக்கு பாக்கிறவருக்கும் அனுப்பிட்டேன். மறுநாள்னு விட்டா ஆளாளுக்கு வேற வேற ஞாபகம் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் பணம் வரல, நாலு மணிக்கு வந்துச்சு. ஸ்கீம் 4,000 மட்டும் எங்க பக்கம் இழுத்துக்கிட்டே போச்சு. அடுத்த மாசம் மெசேஜ் அனுப்பினப்போ, மிச்சம் இருந்த 28 பெட்டி எவ்வளவு போச்சுன்னு பாக்கணும்னு ஒரு வரி சேர்த்திருந்தேன். அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு: "19 இருக்கு சார். வாங்க, எண்ணிக்கலாம். வரும்போது அந்த 4,000 என்னாச்சுன்னு கேட்டுட்டு வாங்க."