ரிக்கவரி ஆன பிறகும் மூடாத பாரா

வணக்கம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, மாநிலக் கணக்காயர் அலுவலகத்தின் தணிக்கையைச் சொல்லும் ‘ஏ.ஜி. ஆடிட் வருது’ என்ற வார்த்தை எப்படி இருக்கும் என்று தெரியும். பழைய கோப்புகளைத் தேடி எடுப்பார்கள், ரொக்கப் பதிவேட்டில் விடுபட்ட கையெழுத்துகள் அன்றைக்குத்தான் விழும். சம்பளம் வாங்கியவர், வரி கட்டியவர், ஒப்பந்த வேலை எடுத்தவர் யாராக இருந்தாலும், தணிக்கை பத்து நாளில் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருப்பது அந்தப் பத்து நாள் இல்லை. தணிக்கைக் குழு ஆட்சேபித்து எழுதிவைத்துவிட்டுப் போகும் தடை அதன் பிறகு என்ன ஆகிறது என்பதுதான். இருபத்தைந்து வருடம் தணிக்கைத் தடைகளுக்குப் பதில் எழுதும் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான், அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தணிக்கைத் துறை பணத்தை வசூலிக்காது. அதற்கு அந்த அதிகாரமே இல்லை. தணிக்கை அறிக்கைகளை ஆராயும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் பொதுக் கணக்குக் குழுவும் வசூலிக்காது, அது பரிந்துரை செய்யும். வசூலிக்க வேண்டியது அந்தந்தத் துறைதான். இதை மறந்துவிட்டால் மீதி எதுவும் புரியாது, அதனால் இந்தப் பேச்சில் ரெண்டு மூணு தரம் திரும்பச் சொல்வேன்.

ஒரு கதை சொல்கிறேன். நான் நேரில் பார்த்த விஷயம், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே ஒருவருக்கு 2010 ஏப்ரலில் பதவி உயர்வு வந்தது. ஊதிய நிர்ணயம் செய்தபோது ஒரு ஊதிய உயர்வைத் தவறாகக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். மாதம் 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அகவிலைப்படியைச் சேர்த்தால் இன்னும் கூடும், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன். அவர் கேட்டு வாங்கியதில்லை. போட்டவர் தெரிந்து செய்ததும் இல்லை. பழைய ஊதியத்தோடு ஒரு முறை கூட்ட வேண்டியதை இரண்டு முறை கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

2012 அக்டோபரில் தணிக்கை வந்தது. பணிப்பதிவேட்டைப் புரட்டிய தணிக்கையாளர் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அப்புறம் எழுத்தில் ஒரு கேள்வி கொடுத்தார். அலுவலகம் கொடுத்த பதில், ‘சரிபார்த்துத் தெரிவிக்கப்படும்’. அன்றைக்கு முப்பது மாதம், 14,400 ரூபாய். அந்த அறையிலேயே நிர்ணயத்தைத் திருத்தி ஆணை போட்டிருந்தால், அவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தால், மாதம் 600 ரூபாய் வீதம் 24 தவணையில் முடிந்திருக்கும்.

நடந்தது வேறு. ஆய்வறிக்கை வந்தது, அதில் இது ஒரு பத்தி. அலுவலகங்களில் பாரா என்றுதான் சொல்வோம். நான்கு வாரத்தில் முதல் பதில் போக வேண்டும். போன பதில், ‘சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது’. அடுத்த வருடம் நினைவூட்டு வந்தது, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று பதில். அதற்குள் அவர் வேறு அலுவலகத்துக்கு மாறுதலாகிவிட்டார். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்துக்கு எழுதியது, அந்த அலுவலகம் மேலதிகாரியிடம் தெளிவுரை கேட்டது. இந்தக் கடிதங்கள் எல்லாம் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த 480 ரூபாயை யாரும் நிறுத்தவில்லை! எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். தடை ஒரு கோப்பில் ஓடிக்கொண்டிருந்தது, சம்பளப் பட்டியல் வேறு இருக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மேசைக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இருக்காது.

2016 வந்தது. அந்த வருடம் ஜூனில் அவருக்கு ஓய்வு. ஓய்வூதியக் கருத்துருவுக்காகப் பணிப்பதிவேட்டை எடுத்தபோது பழைய பென்சில் கோடு கண்ணில் பட்டது. மார்ச் முடிய 72 மாதம், 34,560 ரூபாய். ஏப்ரலில் அவசரமாக ரிக்கவரி ஆணை போட்டார்கள், பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளலாம் என்று.

பிடிக்க முடியவில்லை. காரணம், 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மாசிஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் ஒரு தீர்ப்பு தந்திருந்தது. ஊழியர் மேல் தவறில்லாமல் கூடுதலாகக் கொடுத்துவிட்ட தொகையை எப்போதெல்லாம் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று ஐந்து சூழ்நிலைகளை அது சொல்கிறது. கீழ்நிலை ஊழியர்களான சி, டி பிரிவினரிடம் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் கூடாது. ஆணை போடுவதற்கு முன் ஐந்து வருடத்துக்கு மேல் அந்தத் தொகை கொடுக்கப்பட்டு வந்திருந்தால் கூடாது. மேல்பதவியின் வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளம் கொடுத்திருந்தால் கூடாது. பிடிப்பது அநியாயமாக இருக்கும் என்று நீதிமன்றம் கருதினாலும் கூடாது. நம் ஆள் ஓய்வுக்கு மூன்று மாதத்தில் இருந்தார், கொடுத்து வந்ததோ ஆறு வருடம். நீதிமன்றம் போனார், ரிக்கவரி நின்றது.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். 2016-லேயே இன்னொரு தீர்ப்பு வந்தது, ஜக்தேவ் சிங் வழக்கு. ‘கூடுதலாக வந்திருந்தால் திருப்பித் தருகிறேன்’ என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று அது சொல்கிறது. ஆகவே ரிக்கவரி ஆணை போடுமுன் பார்க்க வேண்டிய முதல் தாள் அந்த உறுதிமொழிதான். இந்தக் கோப்பில் அது இல்லை. இன்னொன்று, நீதிமன்றம் தடுப்பது பழைய தொகையைப் பிடிப்பதைத்தான், தவறான சம்பளத்தைத் திருத்துவதை இல்லை. அதனால் அவருடைய ஓய்வூதியம் திருத்திய ஊதியத்தில்தான் கணக்கானது.

சரி, அந்த பாரா என்ன ஆனது? பணம் வரவில்லை, ஆனாலும் பாரா அப்படியே நிற்க முடியாது. தள்ளுபடி செய்ய உரிய அதிகாரம் உள்ளவரிடமிருந்து ஆணை வாங்க வேண்டும். ஏன் நடந்தது, யார் பொறுப்பு, இனி நடக்காமல் என்ன செய்திருக்கிறோம் என்று மூன்றும் எழுத வேண்டும். அந்த ஆணையின் நகல் போன பிறகுதான் பாரா கைவிடப்பட்டது. ஆகவே தடை நீங்க வழி வசூல் மட்டும் இல்லை. வசூலாகலாம், செலவை முறைப்படுத்தி ஆணை வரலாம், தள்ளுபடி ஆகலாம். தடையே சரியில்லை என்று சான்று காட்டினால் தணிக்கை அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும், நானே அப்படிச் சில பாராக்களை நீக்க வைத்திருக்கிறேன்.

வசூலானாலும் பாரா மூடாமல் நிற்பது உண்டு, அதையும் சொல்லாமல் விட முடியாது. இன்னொரு அலுவலகத்தில் முழுத் தொகையையும் ஊழியர் சலான் போட்டுக் கட்டிவிட்டார். ‘வசூலிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரியில் பதில் போனது. பாரா நிலுவையிலேயே இருந்தது, அலுவலகத்துக்கு ஒரே கோபம். எடுத்துப் பார்த்தால் சலானில் கணக்குத் தலைப்பு தப்பு. முந்தைய வருடங்களில் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் அதற்கென்று 911 என்ற சிறுதலைப்பு இருக்கிறது. இவர்கள் ஏதோ பல்வகை வரவில் கட்டிவிட்டார்கள். பணம் கருவூலத்தில் இருக்கிறது, ஆனால் இந்தத் தடைக்கு எதிரே அது வந்து உட்காரவில்லை. பதிலோடு சலான் எண், தேதி, தொகை, தலைப்பு, கருவூலம் சரிபார்த்த நகல், பணிப்பதிவேட்டில் பதிந்த பக்கத்தின் நகல் எல்லாம் போயிருந்தால் முதல் தடவையிலேயே முடிந்திருக்கும். என் மேசையில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ‘எடுக்கப்பட்டு வருகிறது’, ‘கோரப்பட்டுள்ளது’ என்று முடிகிற எந்தப் பதிலையும் பதில் என்று பதிவேட்டில் ஏற்ற மாட்டேன், நிலுவை என்றே எழுதுவேன். ஒரு பாரா உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வினைச்சொல்லைப் பார்த்தாலே போதும்.

இதெல்லாம் சின்னத் தடைகள். தொகை பெரிதாக இருந்தாலோ பல அலுவலகத்தில் ஒரே தவறு நடந்திருந்தாலோ அந்த பாரா மேலே ஏறும். வரைவுப் பத்தியாகத் துறைச் செயலாளருக்குப் போகும், ஆறு வாரத்தில் பதில் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பதிலையும் பார்த்துவிட்டுத்தான் அது இந்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையில் சேரும். அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவுப்படி மாநில அறிக்கை ஆளுநருக்குப் போய் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பேப்பரில் ‘இத்தனை கோடி இழப்பு’ என்று தலைப்பு வருவது அன்றைக்கு. மறுநாளிலிருந்து யாரும் பேசுவதில்லை, வேலை ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அந்த அறிக்கையை எடுத்துக்கொள்கிறது. மத்தியில் இதே போன்ற குழு 1921-இலிருந்து இருக்கிறது. இப்போது மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், அமைச்சர் யாரும் உறுப்பினராக இருக்க முடியாது. 1967-இலிருந்து எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது வழக்கம், முதலில் வந்தவர் மினு மசானி. எல்லாப் பத்திகளையும் குழு கூப்பிட்டு விசாரிக்க நேரம் இருக்காது. சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, செயலாளரை எதிரே உட்கார வைத்து, பக்கத்தில் தணிக்கை அதிகாரிகளை வைத்துக்கொண்டு கேட்கிறது. மீதிப் பத்திகளுக்கு மத்திய அமைச்சகங்கள் நான்கு மாதத்தில் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும், அதுவும் தணிக்கை சரிபார்த்த பிறகுதான் குழுவுக்குப் போகும். மறுபடி சொல்கிறேன், குழு வசூலிக்காது. பணம் வர வேண்டியது துறையிலிருந்துதான். வெளியார் ஒப்பந்ததாரர் என்றால் பாக்கித் தொகையிலோ வைப்புத் தொகையிலோ பிடிக்க வேண்டும். நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டமோ ஒப்பந்தமோ இடம் கொடுத்தால் 1864-ஆம் வருட வருவாய் வசூல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழியாகப் போகலாம்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நடவடிக்கை அறிக்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். குழு பரிந்துரை செய்து, அரசு பதில் தந்ததும், குழு இன்னொரு அறிக்கை போடும். அதில் ஐந்து அத்தியாயம். முதலாவது குழுவின் கருத்து. இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்டவை. மூன்றாவதில் பதிலைப் பார்த்தபின் குழு மேற்கொண்டு வலியுறுத்தாதவை. நாலாவதில் பதில் போதாது என்று குழு மறுபடி கேட்பவை. ஐந்தாவதில் இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. முழு அறிக்கையையும் படிக்க நேரமில்லாதவர்கள் நாலாவதையும் ஐந்தாவதையும் எடுத்துப் பாருங்கள். அந்த 480 ரூபாய்க் கோப்பில் பார்த்த ‘எடுக்கப்பட்டு வருகிறது’ ஐந்தாவது அத்தியாயத்தில், கோடிகளுக்கு எதிரே, அதே சொற்களில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, அந்தப் பத்தி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வணக்கம்.