சேவை 20 நிமிடம் படுத்தது. எரர் பட்ஜெட் எவ்வளவு போனது?

[திரையில்: காட்பாடி ஜங்ஷன் வாசல். பைகளோடு ஒரு குடும்பம், போனில் அறை தேடுகிறது]

வணக்கம். வேலூருக்குச் சிகிச்சைக்காக வருகிறவர்கள் பலர் காட்பாடியில் இறங்கும்போதே போனில் அறை தேடுவார்கள். அவர்களுக்கு லாட்ஜ் புக் செய்து தரும் சின்ன ஆன்லைன் சேவை எங்களுடையது. அதன் போன மாத ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். முதலில் தப்பாக எழுதினேன்.

எங்கள் அப்டைம் இலக்கு 99.9 சதவீதம். 30 நாளுக்கு 43,200 நிமிடம். அதில் 0.1 சதவீதம், அதாவது 43.2 நிமிடம், சேவை படுத்தாலும் இலக்கு தவறாது. இந்த விட்டுக்கொடுப்புக்குப் பெயர்தான் எரர் பட்ஜெட்.

[திரையில்: கடிகாரம், 10:00 முதல் 10:20 வரை சிவப்பு]

ஒரு திங்கட்கிழமை காலை 20 நிமிடம் சேவை படுத்துவிட்டது. பட்ஜெட்டில் பாதிகூடப் போகவில்லை என்று எழுதி அனுப்பினேன். லாட்ஜ்காரர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, அன்னிக்கு ஆன்லைன்ல போகலன்னு எல்லாரும் நேரா கவுன்ட்டருக்கு வந்து நின்னாங்க. நீங்க என்னமோ நல்லாருக்குன்னு போட்டிருக்கீங்க?"

சரி, நிமிடத்தை விட்டுவிட்டு ரிக்வெஸ்ட்டை எண்ணுவோம் என்று உட்கார்ந்தேன். மாதம் முழுக்க வந்தவை 6,00,000. அந்த நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 60 வீதம் வந்து, அத்தனையும் தோற்றிருந்தன.

```
budget = 600000 * 0.001 = 600
failed = 20 * 60 = 1200
used   = 1200 / 600 = 200%
```

பட்ஜெட் இரண்டு மடங்கு காலி. மாதக் கணக்கு 99.8-க்கு இறங்கிவிட்டது. இதே 20 நிமிடம் நள்ளிரவு 2 மணிக்கு, நிமிடத்துக்கு ஒரு ரிக்வெஸ்ட் வரும் நேரத்தில் போயிருந்தால் 3 சதவீதம்தான் செலவாகியிருக்கும்.

கண்காணிப்புக் கருவி அன்று முழுக்கப் பச்சைதான் காட்டியது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள் தீர்ந்துபோய் மற்ற பக்கமெல்லாம் 500 பிழை தந்தாலும், அது தட்டிப் பார்க்கும் `/health` டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை. அதனால் இப்போது, வரும் ரிக்வெஸ்ட்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரின் லாக்கிலிருந்து எண்ணுகிறோம். 5-இல் தொடங்கும் பிழைகள் மட்டும் நம் கணக்கு. இல்லாத பக்கத்தைத் தேடி வந்து விழும் 404 சேராது. லோட் பேலன்சரே படுத்தால் லாக்கில் எதுவும் இருக்காது. தோல்வி பூஜ்யம் போலத் தெரியும். அன்றைக்கு முந்தைய வாரம் இதே நேரத்து எண்ணிக்கையைத் தோல்வியாகப் போட வேண்டும்.

[திரையில்: திருத்திய ரிப்போர்ட்]

பட்ஜெட் தீர்ந்ததால் புது வசதிகளை நிறுத்திவிட்டு, கனெக்‌ஷன் பிரச்சினையை மட்டும் சரிசெய்தோம்.

இன்னொரு திருத்தமும் உண்டு. 1-ஆம் தேதி வந்ததும் பட்ஜெட் புதிதாகிவிடுவதால், 30-ஆம் தேதி விழுந்த அடி இரண்டே நாளில் மறந்துபோகிறது. ஆகவே மாதக் கணக்குக்குப் பக்கத்தில் கடைசி 28 நாள் கணக்கையும் போடுகிறோம். 30 ஏன் இல்லை என்றால், 28 நாளில் எப்போதும் நான்கே திங்கட்கிழமைதான்; 30 நாளில் அது நான்காகவோ ஐந்தாகவோ மாறும்.