மருந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது

நேயர்களுக்கு வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். ஒரு நாள் சாயங்காலம் வார்டிலிருந்து ஓர் இளம் டாக்டர் போன் செய்தார். "சார், யூரின் கல்ச்சர்ல ஈ.கோலை கிருமின்னு போட்டிருக்கீங்க. ஆனா மருந்துப் பட்டியல்ல வான்கோமைசினையே காணோமே? அது ரொம்ப பவர்ஃபுல்லாச்சே!" என்றார். விட்டுப்போகவில்லை டாக்டர், அதை ஈ.கோலைக்குச் சோதிப்பதே இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அன்று போனில் சொல்லி முடியாததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வான்கோமைசின் பாக்டீரியாவின் செல்சுவர்க் கட்டுமானத்தைக் குலைக்கிற மருந்து. சுவருக்கு வரும் செங்கல்லின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததோடு சேரவிடாது. அந்தச் செங்கல் ஈ.கோலையிலும் இருக்கிறது, நுனியும் அதேதான். அப்படியானால் மருந்து வேலை செய்ய வேண்டுமே? செய்வதில்லை, ஏனென்றால் அது சுவர் வரை போய்ச் சேர்வதே இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்குச் சுவர்தான் கடைசி. அதற்கு வெளியே சவ்வு எதுவும் கிடையாது. ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கோ சுவருக்கும் வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கிறது.

இந்த வெளிச்சவ்வின் மேல்பக்கம் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளால் ஆனது. நீளமான பெயர், எல்.பி.எஸ். என்றே வைத்துக்கொள்வோம். ஈ.கோலையில் ஒவ்வொரு எல்.பி.எஸ். மூலக்கூறுக்கும் பொதுவாக ஆறு கொழுப்பு வால்கள். எல்லாம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயில் இருப்பது போன்ற வகை. நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதனால் கொழுப்பில் கரையும் மருந்துகளுக்கும் இதை ஊடுருவுவது மெதுவான வேலை.

சரி, இவற்றை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருப்பது எது? மக்னீசியமும் கால்சியமும். நம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவிடாமல் செய்கிறதே, அதே ஜோடி! எல்.பி.எஸ்.ஸில் பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம் நிறைய இருக்கிறது. சும்மா விட்டால் ஒன்றையொன்று தள்ளும். இந்த இரண்டு அயனிகளும் நடுவில் புகுந்து ஒட்டவைக்கின்றன.

அந்த ஒட்டை எடுத்துவிட்டால்? இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த கதை. இரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் ஈ.டி.டி.ஏ. இருக்கும், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறையவிடாது. ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்திலும் இந்தப் பெயரைப் பார்க்கலாம். 1965-இல் லொரெட்டா லீவ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஈ.கோலையைச் சில நிமிடம் ஈ.டி.டி.ஏ.யில் வைத்துப் பார்த்தார். வழக்கமாக ஈ.கோலையை ஆக்டினோமைசின் என்ற, ஆர்.என்.ஏ. உற்பத்தியைத் தடுக்கும் மருந்து ஒன்றும் செய்யாது. ஈ.டி.டி.ஏ.க்குப் பிறகு அது உள்ளே போனது, கிருமியின் ஆர்.என்.ஏ. உற்பத்தி நின்றது. எல்.பி.எஸ்.ஸில் கணிசமான பங்கு கழன்று வெளியே வந்திருந்தது. மருந்தும் அதேதான், கிருமியும் அதேதான், ஒட்டு மட்டும் போயிருந்தது. கோலிஸ்டின் என்ற மருந்தும் இந்த அயனிகளைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. ஈ.டி.டி.ஏ.யை நோயாளிக்கு ஏற்றிவிடலாமே என்று கேட்காதீர்கள். நம் இரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையும் அது விட்டுவைக்காது.

முழுக்க மூடிக்கொண்டால் கிருமிக்கே சாப்பாடு கிடைக்காது அல்லவா? அதற்காகத்தான் போரின்கள். நீர் நிறைந்த புரதக் குழாய்கள், மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். குறுகலான இடத்தில் அகலம் ஏறக்குறைய 1 நானோமீட்டர். மூலக்கூறு எடை சுமார் 600 டால்டனுக்குக் கீழே உள்ளவை, அதுவும் நீரோடு ஒத்துப்போகிறவை, இதில் சுலபமாகப் போகும். வான்கோமைசினின் எடை ஏறக்குறைய 1450. பூனை நுழைகிற சந்தில் எருமையை ஓட்டுகிற கதைதான். ஆம்பிசிலின் 349, போய்விடும். பழைய பென்சிலின் ஜி அதைவிடவும் சின்னது, 334. ஆனால் எடை மட்டும் போதாது. ஆம்பிசிலினில் கூடுதலாக ஓர் அமினோ தொகுதி இருக்கிறது, குழாயின் உள்பக்க மின்னூட்டத்தோடு அது ஒத்துப்போகிறது. ஈ.கோலைக்கு எதிராக ஆம்பிசிலின் மேலானதற்கு அந்தச் சின்னத் தொகுதி பெரிய காரணம். கிருமியின் பீட்டா லாக்டமேஸ் நொதி வந்து ஆம்பிசிலினையும் வெட்டியது, அது வேறு கதை.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கைகாட்டுகிறார், நேரமாகிவிட்டது. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகளைப் பற்றியும் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூடோமோனாஸ் கிருமிக்கு ஓ.பி.ஆர்.டி. என்றொரு போரின் உண்டு. இமிபெனம் என்ற மருந்து உள்ளே போகும் முக்கிய வாசல் அது. கிருமி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டால் இமிபெனம் வெளியே நின்றுவிடும். சூடோமோனாஸ் ரிப்போர்ட்டில் இமிபெனத்துக்கு மட்டும் பலிக்காது என்று 'ஆர்' விழுந்து, அதன் உறவான மெரோபெனம் பலிக்கும் என்று 'எஸ்' என்றே இருந்தால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த வாசல் மேல்தான். நன்றி, வணக்கம்.