பெயிண்ட் அடித்த பொங்கல் பானையை யாரும் வாங்காதீர்கள்!

மக்களே, பொங்கல் வாழ்த்துகள்! மணி ஏழரை, மதுரை நம்ம மொட்டைமாடி. முதலில் கரும்பைப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பு. கடைக்காரர் ஜோடி 120 என்றார், குறைத்துக் கேட்டால் கட்டாகத்தான் தருவேன் என்று அடம்பிடித்தார். எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிப்போய், ஒரு கட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஜோடி 80 ரூபாய்தான் விழுந்தது! அந்த 40 ரூபாய்ச் சந்தோஷம் நேற்றிலிருந்து இறங்கவே இல்லை.

சரி, பானை. கடைகளில் ரோஜாப்பூ, மயில் எல்லாம் எனாமலில் வரைந்து விற்கிறார்களே, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். அலமாரியில் வைக்க அழகுதான். விறகில் ஏற்றினால் பெயிண்ட் கொப்பளித்துக் கருகும், அந்த நாற்றம் பொங்கலிலும் ஏறும். அதனால் வெறும் மண்பானைதான் வாங்கினேன். விரலால் சுண்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும். 'டொப்' என்றால் எங்கோ கீறல் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் முக்கி வைத்தேன், இப்போது ஈரம் போகத் துடைத்தாயிற்று. கழுத்துக்குக் கீழே காவிப் பட்டை, அதன்மேல் பச்சரிசி மாவைக் கரைத்துப் புள்ளிகள். மஞ்சளும் குங்குமமும் தோளில் மட்டும். தீ நக்குகிற அடிப்பாகத்தில் ஒன்றுமே கிடையாது. கழுத்தில் மஞ்சள் கொத்தை இலையோடு கட்டியிருக்கிறேன். இலை நுனி தொங்கினால் பொசுங்கும் என்பதால் மேல்நோக்கி மடித்துவிட்டேன்.

கரும்பை நடத் தரையில் குழி தோண்ட வழியில்லை, மாடிதானே! அதனால் நான்கு பெயிண்ட் வாளியில் மணல், ஒவ்வொன்றிலும் ஒரு கரும்பு. பக்கத்திலேயே வாழைக்கன்று. மேலே தோகைகளைச் சேர்த்துச் சணலால் முடிந்தால் பந்தல் மாதிரி வந்துவிடும். பச்சைத் தோகையை விடுங்கள், காய்ந்த சோகையை மட்டும் உரித்துவிடுங்கள். ஒரு பொறி பறந்தால் அதுதான் முதலில் பற்றும். தை மாதக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்துதான் வரும். அடுப்பைக் கரும்புக்கு நடுவில் வைக்காமல், தென்மேற்குப் பக்கம் நாலடி தள்ளி வைத்தேன். பொறி அந்தப் பக்கமே போய்விடும்.

அட, முக்கியமானதைச் சொல்லவே இல்லை! அடுப்புக்கு மூன்று செங்கல் போதும் என்று நினைக்காதீர்கள். சிமென்ட் தரையில் நேராகத் தீ மூட்டினால் சூட்டில் மேல்பூச்சு வெடித்துத் தெறிக்கும். இரண்டு விரல்கடை மணல், அதன்மேல் செங்கல் பரப்பு, அதற்கும் மேல்தான் மூன்று கல். கல்லின் மேல் பானை ஆடக்கூடாது. ஆடினால் ஓட்டுச்சில்லு ஒன்றைச் சொருகுங்கள், காகிதம் வேண்டாம்.

கோலத்தை எல்லாம் இன்னொரு நாள் காட்டுகிறேன். சூரியன் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்துவிட்டது, அம்மா விறகோடு நின்று முறைக்கிறார். பால் பொங்கும்போது குலவை போட வேண்டும், கேமராவைப் பிடிக்க ஆளில்லை. வைக்கிறேன்!