ஒரு எழுத்து மாறின மெயில் அட்ரஸ்: பதில் போடறதுக்கு முன்னாடியே பிடிக்கிறது எப்படி?

கேள்வி: டர்பன்ல மளிகை சாமான் கடை வெச்சிருக்கேன். சப்ளையர்கிட்டேயிருந்து பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு மெயில் வந்தது. நிஜமான்னு பதில் போட்டுக் கேட்டேன், ஆமான்னாங்க. அப்புறம் பார்த்தா அட்ரஸ்ல ஒரு எழுத்து வேற. இதை முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: உங்களுக்கு வந்த அந்த "ஆமா"வைச் சொன்னது சப்ளையர் இல்லைங்க, திருடன். Reply அழுத்தினா மெயில் அனுப்பினவன் வெச்ச அட்ரஸுக்கேதான் திரும்பப் போகும். அதனால சந்தேகத்தை Reply-ல கேட்கிறதுல பிரயோஜனமே இல்ல.

ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்குவோம். நிஜ அட்ரஸ் `mariammanstores.co.za`. திருட்டு அட்ரஸ் `mariarnmanstores.co.za`. நடுவுல ஒரு `m` போய், `r`-உம் `n`-உம் ஒட்டி உட்கார்ந்திருக்கு. ஃபோன் திரையில சின்ன எழுத்துல இது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். உத்துப் பார்த்தாலும் கண்ணு ஏமாந்துடும், ஏன்னா நமக்குத் தெரிஞ்ச பேரை நாம எழுத்துக் கூட்டிப் படிக்கிறதில்லை. ஸ்பேம் ஃபில்டரும் பெரும்பாலும் நிறுத்தாது. அவன் அந்தப் பேரைக் காசு கொடுத்துப் பதிவு பண்ணி, தன் பேர்லேர்ந்தே முறையா அனுப்பறான். மெயில் சர்வர் கணக்குப்படி அதுல போலி எதுவும் இல்ல.

அதனால கண்ணை நம்பாம, மெஷினைப் பார்க்க வைக்கணும். ஜிமெயில் தேடல் பெட்டியில சப்ளையரோட டொமைனை, அதாவது அட்ரஸ்ல @-க்குப் பின்னாடி வர்ற பேரை, நீங்களே கையால டைப் பண்ணுங்க. வந்த மெயில்லேர்ந்து காப்பி பண்ணவே கூடாது.

```
from:mariammanstores.co.za
```

பழைய மெயில் எல்லாம் வரும். புதுசா வந்தது அந்த வரிசையில இல்லைன்னா, அது வேற டொமைன். ரஷ்ய எழுத்து `а`-வை ஆங்கில `a` இடத்துல வெச்சிருந்தாக்கூட இதுல மாட்டிக்கும். ஆனா ஒரு விஷயம். பழைய இன்வாய்ஸ் பேச்சுக்குக் கீழேயே திருடன் எழுதியிருந்தா, ஜிமெயில் ரெண்டையும் ஒரே கட்டா காட்டலாம், அப்போ கலந்து தெரியும். அதனால Settings-ல Conversation view-ஐ நிறுத்திட்டுத் தேடுங்க, ஒவ்வொரு மெயிலும் தனித்தனியா வரும்.

இதையே தினசரி வழக்கமாக்கணும்னா, அதே `from:` வரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு, அந்த மெயிலுக்கெல்லாம் "சப்ளையர்"னு ஒரு லேபிள் ஒட்ட வைங்க. இனிமே கணக்கு நம்பர் பத்தி ஒரு மெயில் லேபிள் இல்லாம வந்தாலே கை நின்னுடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான், ஏன்னா அவசரத்துல இருக்கும்போதும் வேலை செய்யும்.

கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்தா இன்னொண்ணு: அட்ரஸை வேர்டுல ஒட்டி, தேர்ந்தெடுத்து, எல்லாம் பெரிய எழுத்தாகிற வரைக்கும் `Shift+F3`-ஐத் திரும்பத் திரும்ப அழுத்துங்க. `rn` உடனே `RN` ஆகிடும், `M`-னு ஏமாற முடியாது. சின்ன `l` பெரிய `L` ஆகும், `1` அப்படியே `1`-ஆவே நிக்கும்.

பதில் எழுதும்போது To வரியையும் பாருங்க. சில நேரம் From சரியாவே இருக்கும், ஆனா Reply அழுத்தினதும் To-ல வேற அட்ரஸ் வந்து நிக்கும். CC-ல இருக்கிறவங்களையும் விடாதீங்க, உங்க அக்கவுண்டன்ட் பேர்லயே ஒரு போலி உட்கார்ந்திருக்கலாம்.

ஆனா சப்ளையரோட நிஜ மெயில்பாக்ஸுக்குள்ளேயே திருடன் புகுந்திருந்தா, அட்ரஸ் ஒரு எழுத்துகூட மாறாது, மேலே சொன்ன எதுவும் பிடிக்காது. அதுக்கு ஃபோன் ஒண்ணுதான் வழி. மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, பழைய டெலிவரி நோட்ல அச்சாகியிருக்கிற நம்பருக்கு. 2019ல வீடு வாங்கின ஒரு அம்மா, போலி மெயில்ல வந்த கணக்குக்கு 55 லட்சம் ராண்ட் அனுப்பிட்டாங்க. 2023ல ஹைகோர்ட், வீட்டுப் பத்திர வேலையைப் பார்த்த வக்கீல் நிறுவனம்தான் பொறுப்புன்னு சொல்லிச்சு. 2024ல புளூம்ஃபொன்டைன் மேல்முறையீட்டுக் கோர்ட் அதை மாத்திடுச்சு. கணக்கைச் சரிபார்த்துக்க அந்த அம்மாவுக்கே வழி இருந்ததுன்னு சொல்லிட்டாங்க. ஆக, நஷ்டம் அனுப்பினவங்க தலையிலேயே விழலாம்.

உங்க விஷயத்துல இன்னொரு வேலை பாக்கி இருக்கு. நீங்க பதில் போட்டதால அந்தப் போலி அட்ரஸ் உங்க ஜிமெயில்ல "Other contacts"ல சேர்ந்திருக்கும். நாளைக்கு `mari`ன்னு டைப் பண்ணினா அதுதான் முதல்ல வந்து நிக்கலாம். இன்னைக்கே contacts.google.com திறந்து அதை அழிச்சுட்டு, நிஜ அட்ரஸை டெலிவரி நோட்டைப் பார்த்து டைப் பண்ணிச் சேமிச்சு வைங்க.