300 சதவீதம் எங்கே தொடங்கியது? ரெஸ்யூமேயில் ஒரு வரியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வணக்கம். பாலக்காடு பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துக் கடைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வரும் ரெஸ்யூமேக்களில் பாதி தமிழ்ப் பிள்ளைகளுடையது. இன்றைக்கு ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடைக்கு சூப்பர்வைசர் வேலை கேட்டு வந்த ஒரு தம்பி எழுதியது.

(திரையில்: "கிளை விற்பனையை 300% உயர்த்தி, ஆண்டுக்கு 2.4 கோடி ரூபாய் வருவாய் ஈட்டினேன்.")

படித்ததும் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், அசந்துபோகவும் வேண்டாம். பேனாவை எடுங்கள்.

முதலில் 300% உயர்வு என்றால் மூன்று மடங்கு இல்லை, நான்கு மடங்கு. பழைய 100-உடன் 300 சேர்கிறது. அப்படியானால் 2.4 கோடிக்கு முந்தைய ஆண்டு விற்பனை 60 லட்சம், அதாவது மாதம் 5 லட்சம்.

இந்த 5 லட்சத்தைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு பொருள் சராசரி 15,000 ரூபாய் என்றால் மாதம் 33 பொருள், நாளைக்கு ஒன்று சொச்சம். நூற்றுக்குப் பத்து ரூபாய் கையில் நிற்பதாக வைத்துக்கொண்டாலும் மாதம் 50,000தான். அந்தக் கிளையில் நான்கு பேர் வேலை செய்தார்கள் என்று அதே ரெஸ்யூமேயில் இருக்கிறது. ஆளுக்கு 15,000 போட்டாலே சம்பளம் மட்டும் 60,000. வாடகை, கரண்ட் பில் இன்னும் வரவில்லை. அப்படி ஒரு கடை ஒரு வருஷம் ஓடியிருக்காது.

2.4 கோடியை மட்டும் தனியாகப் பார்த்தால் மாதம் 20 லட்சம், நாளைக்கு நாலைந்து பொருள். நான்கு பேர் இருக்கும் கடைக்கு அது நடக்கக்கூடியதுதான். வருவாய் சரி, சதவீதம்தான் இடிக்கிறது. இப்படி ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாமல் போனால், இரண்டும் வேறு வேறு காலத்தை அளந்தவையோ என்று நான் சந்தேகப்படுவேன்.

நேர்காணலில் கேட்டேன். "தம்பி, இந்த 300 எந்த மாசத்துல இருந்து கணக்கு?"

"கர்க்கடகத்துல 9 லட்சம் சார். ஓணத்துக்கு 36 லட்சம் பண்ணோம்."

முடிச்சு அவிழ்ந்தது. ஆடியும் கர்க்கடகமும் ஏறக்குறைய ஒரே மாதம், யாரும் புதுப் பொருள் வாங்கத் தயங்கும் காலம். அடுத்தது சிங்க மாதம், அதாவது நம் ஆவணி: ஓணம், போனஸ், தள்ளுபடி. யார் கடையில் உட்கார்ந்திருந்தாலும் விற்பனை ஏறும். அவன் சொன்ன எண் உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பஞ்சாங்கத்துக்குச் சேர வேண்டியது.

இந்தப் பக்கத்தில் ஆள் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். "போன ஆகஸ்ட்டை விட இந்த ஆகஸ்ட்" என்ற ஒப்பீடும் ஏமாற்றும். திருவோணம் 2023-இல் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15. அதனால் 2024 செப்டம்பரை 2023 செப்டம்பரோடு ஒப்பிட்டால் சுமாரான விற்பனையாளர்கூடச் சூரனாகத் தெரிவார். ஆகஸ்ட்டை ஒப்பிட்டால் நல்ல உழைப்பாளிகூடச் சறுக்கியவராகத் தெரிவார். ஓணத்துக்கு ஓணம், இல்லையென்றால் முழு ஆண்டுக்கு முழு ஆண்டு என்றுதான் பார்க்க வேண்டும்.

முழு ஆண்டைக் கேட்டேன். முந்தைய ஆண்டு 2.05 கோடி என்றான். 35 லட்சம் கூடியிருக்கிறது, சுமார் 17%. அந்தக் கடைக்கு அது நல்ல வளர்ச்சி. சரி, அதில் அவன் பங்கு என்ன? நான்கு பேர் சேர்ந்து விற்றதை "ஈட்டினேன்" என்று எழுதியிருக்கிறானே.

இங்கேதான் எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "பழைய பில் புக்கை எடுத்து, ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி வாஷிங் மெஷின் வாங்கினவங்களுக்கு போன் போட்டேன் சார். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கலாம்னு சொன்னேன். 46 மெஷின் போச்சு." ஒன்று 16,000 என்றால் ஏழு லட்சத்துக்குச் சற்று மேல். கூடிய 35 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. செய்தவருக்கு இப்படி ஆரம்ப எண்ணும், காலமும், கூட இருந்தவர்களும் நினைவில் இருக்கும். செய்யாதவர் மறுபடி சதவீதத்தையே சொல்வார்.

ஆனால் நேர்காணலில் போட்ட கணக்கு எதையும் நிரூபிக்காது. 46 என்பதை முன்பு வேலை பார்த்த கடையில் கேட்டுத்தான் உறுதி செய்தேன். எண்ணே போடாமல் வரும் ரெஸ்யூமேயைக் குறைத்து மதிப்பதும் தப்பு. பல பேருக்குக் கடைக் கணக்கைக் காட்டியே இருக்க மாட்டார்கள்.

அந்த வரியை அவனையே திருத்தச் சொன்னேன்.

(திரையில்: "நான்கு பேர் கொண்ட கிளையில் ஆண்டு விற்பனை 2.05 கோடியிலிருந்து 2.4 கோடியானது. பழைய வாடிக்கையாளர்களை அழைத்து 46 வாஷிங் மெஷின் விற்றேன்.")

300 காணாமல் போய்விட்டது. கடை முதலாளி படித்துவிட்டு, பழைய பில் புக் எங்கே கிடக்கிறது என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டார்.